ஐந்து விழுக்காடு என்னும் சாக்கு

"மதிப்பெண் வேறுபாட்டில் 5 விழுக்காடுதான் பள்ளிகளுக்கு இடையே உள்ளது, எனவே மாணவர்களைத் தனித்தனியாகவே எடுத்துக்கொண்டோம்." கல்வி ஆய்வுகளில் இந்தச் சமாதானம் இன்றும் செல்லுபடியாகிறது. அது செல்லக்கூடாது.

இதற்கு மாற்றான பலநிலை மாதிரிகளும் குறையற்றவை அல்ல. பள்ளியின் விளைவுக்கும் மாணவரின் பின்னணிக்கும் தொடர்பில்லை என்ற அனுமானத்தை அவை சுமக்கின்றன; பள்ளிகள் பத்துப் பன்னிரண்டாகக் குறைந்தால் தடுமாறுகின்றன. ஒரே வகுப்புக்குள் மாணவருக்கு மாணவர் மாறும் ஒன்றை மட்டும் ஆராய்ந்தால், படிநிலையை விட்டாலும் பெருங்கேடு நேராமல் போகலாம்.

ஆனால் ஆசிரியரையோ பள்ளியையோ பற்றிக் கேள்வி எழுப்பும்போது நிலைமை வேறு. 1976இல் இங்கிலாந்தில் நெவில் பென்னட் வெளியிட்ட ஆய்வு, மரபான கற்பித்தலில் பிள்ளைகள் கூடுதலாக முன்னேறுவதாகச் சொல்லிப் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. ஏறத்தாழ 950 மாணவர்கள் அதில் இருந்தார்கள். ஆசிரியர்களோ 37 பேர்தான். கற்பிக்கும் பாணி ஆசிரியருக்கு ஆசிரியர்தான் மாறுகிறது. ஒரே வகுப்பில் 26 பேரை அளந்தாலும் அந்தப் பாணிக்கு நமக்குக் கிடைப்பது ஒரு சாட்சி மட்டுமே. 1981இல் முர்ரே எயிட்கின் முதலானோர், பென்னட்டையும் சேர்த்துக்கொண்டு, வகுப்புகளைக் கணக்கில் எடுத்து அதே தரவை மறுபடி ஆராய்ந்தார்கள். பாணிகளுக்கிடையே நிறுவப்பட்டதாக நம்பிய வேறுபாடு நிற்கவில்லை.

இனி அந்த 5 விழுக்காட்டுக்கு வருவோம். மதிப்பீட்டின் மாறுபாட்டை வகுப்புத் தொகுப்பு எத்தனை மடங்காக்குகிறது என்பதை 1 + (m − 1)ρ என்ற வாய்பாடு சொல்லும். m வகுப்பின் அளவு. ρ வகுப்புகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டின் பங்கு. வகுப்புக்கு 26 பேர், ρ 0.05 என்றால் விடை 2.25. 950 மாணவர்கள் ஏறத்தாழ 420 பேருக்குச் சமமாகிவிடுகிறார்கள். திட்டப்பிழை ஒன்றரை மடங்காகிறது. 2.4 என்று காட்டிய t மதிப்பு 1.6க்கு இறங்குகிறது. கட்டுரையின் தலைப்பில் ஏறிய முடிவு அத்தோடு கரைகிறது. ρ 0.2 ஆனால் மாறுபாடு ஆறு மடங்கு.

கொத்துகளுக்கேற்பத் திட்டப்பிழையைத் திருத்தினால் போதுமே என்பவர்கள் உண்டு. வகுப்புகள் நிறைய இருந்தால் பிழையளவு சீராகும், உண்மைதான். ஆனால் வேறுபாட்டில் எவ்வளவு பள்ளியால் வந்தது, பின்தங்கிய மாணவரின் இடைவெளி எந்தப் பள்ளியில் குறுகுகிறது என்பவற்றுக்கு அந்தத் திருத்தத்தில் விடையில்லை. கல்வித்துறை அறிய விரும்புவதோ இவற்றைத்தான்.

மாணவர் எண்ணிக்கையை முகப்பில் எழுதி, பள்ளிகளின் எண்ணிக்கையையும் ρ மதிப்பையும் தராத கட்டுரையை இதழாசிரியர்கள் மதிப்பீட்டுக்கே அனுப்பாமல் திருப்ப வேண்டும்.