ஃபவுலுக்கு நான்கு ஸ்டெப் முன்னால்

நீளம் தாண்டுதல் பயிற்சியில் என் வாயிலிருந்து அதிகம் வந்த வாக்கியம் ஒன்று உண்டு: “ஒரு அடி பின்னால போய் ஓடிவாம்மா.” கால் பலகையைத் தாண்டி விழுந்தால், அதாவது ஃபவுல் ஆனால், ஓட ஆரம்பிக்கும் குறியை ஓர் அடி பின்னால் நகர்த்துவோம். என் பி.டி. மிஸ் எனக்கு அப்படித்தான் சொன்னார், பதினெட்டு வருடமாக நானும் அப்படித்தான் சொன்னேன். என் போனில் இருக்கும் ஸ்லோ மோஷன் வசதியை ஒரு பருவம் முழுக்க இந்த ஒரு வேலைக்கு மட்டும் பயன்படுத்திப் பார்த்த பிறகு, பல சமயம் அது தவறான அறிவுரை என்று தெரிந்துகொண்டேன். இந்த விமர்சனம் அந்த வசதியைப் பற்றியது. அதை எங்கே வைத்து, எதைப் பார்த்தால் பயன் கிடைக்கும் என்பதைப் பற்றியது.

முதலில் கருவி. என்னுடையது நடுத்தர விலை போன். சாதாரண வீடியோவில் விநாடிக்கு 30 படம், ஸ்லோ மோஷனில் 120 அல்லது 240 படம் எடுக்கும். ஒரு பள்ளி மாணவி விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் பலகையை நெருங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 30 படத்தில், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அவள் உடல் 23 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பலகையே 20 சென்டிமீட்டர் அகலம்தான். 240 படத்தில் அந்த இடைவெளி 3 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. கால் எங்கே பதிந்தது என்று மட்டும் பார்க்க 120 போதும். கால் எவ்வளவு நேரம் தரையில் இருந்தது, ஒரு ஸ்டெப்புக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று படங்களை எண்ண வேண்டுமானால் 240 வேண்டும்.

சக ஆசிரியை ஒருவரின் போனில் விநாடிக்கு 960 படம் என்று போட்டிருந்தது. ஆசையாக வாங்கிப் பார்த்தேன். அந்த முறை ஒரு விநாடிக்கும் குறைவான நேரமே பதிவாகிறது. பொத்தானை அழுத்தும் நேரம் கொஞ்சம் தப்பினால் மணல் மட்டும்தான் கிடைக்கும். அதோடு, எடுத்த படங்களுக்கு நடுவே போனே கணக்கிட்டு இட்டு நிரப்பிய படங்களும் இருந்தன. ஷூவின் முனை ஒரு படத்தில் உருகினாற்போல இருக்கும், அடுத்ததில் இரண்டாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் அந்தப் படத்தை வைத்து அளக்காதீர்கள். இந்த வேலைக்கு 960 தேவையே இல்லை.

எல்லோரும் செய்யும் தவறை நானும் முதலில் செய்தேன். மணல் குழிக்குப் பக்கத்தில் நின்று, பிள்ளைகள் காற்றில் பறப்பதைப் படம் பிடித்தேன். பார்க்க அழகாக இருக்கும், பிள்ளைகளும் குதூகலிப்பார்கள். ஆனால் கால் தரையை விட்ட பிறகு உடலின் பாதையை யாராலும் மாற்ற முடியாது. பிழை அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

எவ்வளவு முன்பு? 1982-ல் டேவிட் லீ என்பவரும் அவருடைய சகாக்களும் தாண்டுபவர்களின் ஓட்டத்தைப் படம் பிடித்து, ஒவ்வொரு காலடியும் எங்கே பதிகிறது என்று அளந்தார்கள். ஓட்டம் தொடங்கியதிலிருந்து சிறு சிறு வித்தியாசங்கள் சேர்ந்து சேர்ந்து வளர்கின்றன. கடைசிச் சில ஸ்டெப்களில் கண் பலகையைப் பார்த்துக் காலடியை நீட்டியோ குறுக்கியோ அந்தப் பிழையைச் சரிசெய்கிறது. பலகையில் நாம் பார்க்கும் பிழை, திருத்தியதற்குப் பிறகு மிஞ்சியது. உண்மையான பிழையைப் பார்க்க வேண்டுமானால் திருத்தம் தொடங்கும் இடத்தில் போனை வைக்க வேண்டும். நான் தேர்ந்தெடுத்தது நான்காவது ஸ்டெப்: தாண்டும் கால் பலகையில் படுவதற்கு நான்கு ஸ்டெப் முன்பு, அதே கால் பதியும் இடம்.

போனை முக்காலியில், ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் ஒன்பது மீட்டர் தள்ளிப் படுக்கை வசத்தில் வைக்கிறேன். அந்தத் தூரத்தில் நான்காவது ஸ்டெப்பிலிருந்து பலகை வரை மொத்தமும் சட்டகத்துக்குள் வந்துவிடும். உங்கள் போனில் ஸ்லோ மோஷன் படத்தைக் கொஞ்சம் வெட்டிக்காட்டும் என்றால் இன்னும் இரண்டு மீட்டர் தள்ளுங்கள். ஓடும் பிள்ளையைத் தொடர்ந்து போனைத் திருப்பக் கூடாது. திருப்பினால் எதையும் அளக்க முடியாது.

அளவுகோலில்தான் நான் மூன்று வாரம் ஏமாந்தேன். ஓடுபாதையின் இந்தப் பக்கத்து ஓரத்தில் மட்டும் அரை மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புப் புள்ளி வைத்திருந்தேன். பாதையின் அகலம் 1.22 மீட்டர், பிள்ளை ஓடுவது அதன் நடுவில், புள்ளியிலிருந்து 61 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி. போனுக்கு நேர் எதிரே இருக்கும் காலடிக்கு இதனால் பிரச்சினை இல்லை. ஆனால் பலகை சட்டகத்தின் ஓரத்தில், நடுவிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இருந்தது. அங்கே போன் சாய்வாகப் பார்க்கிறது. ஒன்பதுக்கு மூன்று என்ற அந்தச் சாய்வில், 61 சென்டிமீட்டர் உள்ளே இருக்கும் கால் 20 சென்டிமீட்டர் இடம் மாறித் தெரியும். ஒரு பலகை அகலம் முழுவதும் பொய்! கொடி பிடித்த மாணவன் ஃபவுல் என்றான், என் போன் இல்லை என்றது. அவன் சொன்னதுதான் சரி.

இப்போது இரண்டு ஓரத்திலும் புள்ளி வைக்கிறேன். எதிரெதிர்ப் புள்ளிகளைத் திரையில் ஸ்கேலால் இணைத்தால், நடுவில் விழும் காலடியை அந்தக் கோட்டோடு ஒப்பிடலாம். இரண்டு வரிசையும் தனித்தனியாகத் தெரிய, முக்காலி இடுப்புயரம் இருக்க வேண்டும். பாதைக்குக் குறுக்கே முழுக்கோடாகப் போட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். பிள்ளைகள் அந்தக் கோட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்துவிடுவார்கள். பிறகு நாம் அளப்பது அவர்களுடைய இயல்பான ஓட்டத்தை அல்ல.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். இடது காலால் தாண்டுபவள், 14 ஸ்டெப் ஓட்டம், குறுவட்டப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். ஒரு காலையில் ஆறு முறை தாண்டினாள், மூன்று ஃபவுல். பழைய பழக்கத்தில் “ஒரு அடி பின்னால” என்று சொல்லியிருப்பேன். சொல்லாமல் வீடியோவைத் திறந்தேன். ஃபவுலான மூன்றிலும் நான்காவது ஸ்டெப், பலகைக் கோட்டிலிருந்து 6.85, 6.95, 7.00 மீட்டரில் விழுந்திருந்தது. சரியான மூன்றில் 7.35, 7.50, 7.55. அதாவது நான்கு ஸ்டெப் முன்னால் அவளுடைய கால் 70 சென்டிமீட்டர் பரப்பில் சிதறுகிறது. பலகைக்கு வரும்போது அது 32 சென்டிமீட்டர்தான்: கோட்டைத் தாண்டி 12-லிருந்து, கோட்டுக்குப் பின்னால் 20 வரை. பாதிக்கு மேல் அந்தப் பிள்ளை தானாகவே திருத்தியிருக்கிறாள்.

அந்தத் திருத்தத்துக்கு அவள் கொடுத்த விலை, சரியான தாண்டல்களில்தான் தெரிந்தது. 7.55-லிருந்து வந்தபோது கடைசி ஸ்டெப்பை இழுத்துப் போட்டிருக்கிறாள். முந்திய கால் பதிந்ததிலிருந்து பலகையில் கால் பதியும் வரை எண்ணினேன்: 66 படம். 7.35-லிருந்து வந்தபோது 52 படம். கடைசி ஸ்டெப் அதற்கு முந்தியதைவிடக் குறுகலாக, சட்டென்று விழ வேண்டும், இவளுக்கு நீண்டுவிட்டது. கால் இடுப்புக்கு ரொம்ப முன்னால் போய்ப் பதிந்து, பிரேக் மாதிரி வேலை செய்தது. பலகையில் கால் இருந்த நேரம் 32 படத்திலிருந்து 38 படமாகக் கூடியிருந்தது. நான் ஓர் அடி பின்னால் அனுப்பியிருந்தால் 7.55 என்பது 7.85 ஆகியிருக்கும். ஃபவுல் குறைந்திருக்கும், ஆனால் சரியான தாண்டல்கள் எல்லாம் இழுத்துப் போட்டவையாகியிருக்கும்.

அடுத்த நாள் முக்காலியை ஓட்டம் தொடங்கும் இடத்துக்கு மாற்றினேன். அவள் குறியிலிருந்து இரண்டு எட்டு நடந்து, பிறகு ஓட ஆரம்பிப்பாள். அந்த இரண்டாவது நடை விழும் இடமே ஆறு முறையில் 40 சென்டிமீட்டர் மாறியது. கண்ணால் பார்த்தபோது எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. நடையை எடுத்துவிட்டோம். இடது கால் குறியில், உடல் முன்சாய்வு, வலது காலால் முதல் ஸ்டெப். புதிய குறிக்கு, பலகை இல்லாத ஓடுதளத்தில் எட்டு முறை ஓடவைத்து, பதினான்காவது ஸ்டெப் விழுந்த இடங்களின் நடுவை எடுத்தோம்.

இரண்டு வாரம் கழித்துப் பத்து முறை எடுத்தபோது, நான்காவது ஸ்டெப்பின் சிதறல் 25 சென்டிமீட்டர். ஒரு ஃபவுல். கடைசி ஸ்டெப் எல்லாவற்றிலும் 50 படத்துக்கும் 55 படத்துக்கும் இடையில். தாண்டிய தூரம் பெரிதாகக் கூடவில்லை. அதற்குக் காலில் வலு வர வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வெளிச்சம் குறைந்தால் ஸ்லோ மோஷன் மங்கும். காலை ஆறு மணி வெளிச்சத்தில் எடுத்தவை எனக்கு உதவவில்லை, ஏழுக்கு மேல் சரி. ஆனால் தரையில் பதிந்த கால் நகராததால், மற்ற காலும் கையும் கலங்கலாக இருந்தாலும் அது தெளிவாகவே இருக்கும். நமக்கு வேண்டியது அதுதான். செய்தி செயலிகளில் வீடியோவாக அனுப்பினால் படங்கள் குறைந்துவிடலாம், எண்ணிக்கை கெட்டுவிடும். ஆவணமாக அனுப்புங்கள், அல்லது கேபிள் போட்டுக் கணினிக்கு மாற்றுங்கள். கணினியில் VLC திறந்து `E` அழுத்தினால் படம் படமாக நகரும். கோடு போட்டு அளக்க Kinovea இலவசமாகவே கிடைக்கிறது. அதில் வீடியோ எடுத்த வேகம் 240 என்று நீங்களே குறிப்பிட வேண்டும், இல்லாவிட்டால் 30 என்று எடுத்துக்கொண்டு நேரத்தை எட்டு மடங்காகக் காட்டும்.

பெரிய குறை, தாளம் போய்விடுவது. கடைசி ஸ்டெப்களின் “டப்-டப்-டடப்” காதுக்குத்தான் கேட்கும்; ஸ்லோ மோஷனில் அந்த ஓசை இல்லை. வீடியோ மெதுவாக ஓடும்போது எல்லோருடைய ஓட்டமும் நளினமாகத் தெரிகிறது. அதனால் மூன்று தாண்டலுக்கு ஒரு முறை சாதாரண வீடியோ, ஒலியோடு. பிள்ளைக்கு முதலில் அதைக் காட்டி, பிறகுதான் ஸ்லோ மோஷன். அதிலும் ஒரே ஒரு இடம். ஒவ்வொரு தாண்டலுக்கும் காட்டினால் ஓடும்போதே காலை எண்ணிக்கொண்டு வருவார்கள். இன்னொன்று, பெற்றோர் சம்மதம் எழுதி வாங்காமல் எடுக்காதீர்கள், அளந்து முடித்ததும் அன்றே அழித்துவிடுங்கள். பெண் பிள்ளைகளின் வீடியோவை யார் கைக்கும் அனுப்ப வேண்டாம்.

இதற்காகப் புதுப் போன் வாங்க வேண்டியதில்லை. கால் பதியும் இடத்தைப் பார்க்க, 120 படம் எடுக்கும் பழைய போனும், ஆடாத முக்காலியும், ஒரு டப்பா சுண்ணாம்பும் போதும்.

போட்டிக்கு முந்தைய கடைசிப் பயிற்சியில் அந்த மாணவி மணலிலிருந்து எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டே என்னிடம் வந்தாள். “மிஸ், இது தள்ளி வந்துட்டேன். ஏழரை இருக்கும். கடைசியில இழுத்துட்டேன்.” போனைத் திறந்து பார்த்தேன். 7.48.