புகழ் இல்லாதவரின் முகம் யாருக்குச் சொந்தம்?

ஆளுமை உரிமைக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. ஒருவருடைய பெயரையும் முகத்தையும் அவரைக் கேட்காமல் விளம்பரத்தில் போடக்கூடாது என்ற விதியை நீதிமன்றங்கள்தான் வழக்கு வழக்காக உருவாக்கின. அந்த விதி யாரைக் காக்கிறது, யாரைக் கைவிடுகிறது என்பதுதான் என் கேள்வி.

நடிகர்களை அது நன்றாகவே காக்கிறது. அமிதாப் பச்சனும் ஜெயா பச்சனும் தனிஷ்க் நகைகளுக்காக நடித்த விளம்பரத்தின் படத்தை, உத்தரப் பிரதேசத்து முசாபர்நகரில் ஒரு நகைக்கடை தன் விளம்பரப் பலகையில் போட்டுக்கொண்டது. 2012இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதில் இரண்டு கேள்விகளை முன்வைத்தது. அந்த முகத்தின் மீது வழக்குத் தொடுத்தவருக்குச் செல்லுபடியாகும் உரிமை இருக்கிறதா? விளம்பரத்தைப் பார்ப்பவருக்கு அது இன்னார் என்று தெரிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் உரிமை மீறப்பட்டது என்று பொருள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்குத் தொடுத்தது பச்சன் தம்பதியர் அல்ல. அவர்களோடு ஒப்பந்தம் போட்டிருந்த டைட்டன் நிறுவனம். முகம் அங்கே விலை பேசி எழுதிக் கொடுத்த சொத்தாகவே நீதிமன்றத்துக்கு வந்தது.

2015இல் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. அது விளம்பரம் பற்றியது அல்ல, அவர் பெயரைத் தலைப்பில் வைத்த ஓர் இந்திப் படம் பற்றியது. ஆனாலும் அதில் சொன்ன விதி விளம்பரத்துக்கும் பொருந்தும். பிரபலமானவர் அடையாளம் தெரிந்தாலே போதும், மக்கள் ஏமாந்தார்கள் என்று நிரூபிக்கத் தேவையில்லை என்றது நீதிமன்றம். நல்ல விதி. ஆனால் அதே தீர்ப்பு, இந்த உரிமை பிரபல நிலையை எட்டியவர்களுக்கு உரியது என்றும் சொன்னது. மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டியதாயிற்று.

அப்படி நிறுத்தியது சரியில்லை என்பேன். 1994இலேயே, ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான ராஜகோபால் வழக்கில், உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டுவிட்டது. ஒருவரின் பெயரோ உருவமோ சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்பட்டால் அவருடைய அந்தரங்க உரிமை மீறப்படுகிறது என்றது. பிரபலம் என்ற நிபந்தனை அதில் இல்லை. அந்த வழக்கின் மையப் பிரச்சினை விளம்பரம் அல்ல, அது ஓர் உதாரணமாகச் சொன்னதுதான் என்ற எதிர்வாதம் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் 2017இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்த பிறகு, அந்த உதாரணத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

நடைமுறையில் தடுக்கி விழும் இடம் நஷ்டஈடு. நடிகர் விளம்பரத்துக்கு வாங்கும் தொகை சந்தையில் தெரியும், அதுவே அளவுகோலாகிவிடும். கல்யாணப் பெண்ணின் படத்தை ஓர் அழகு நிலையம் பிளெக்ஸில் போட்டால், அவருக்கு எந்தத் தொகையை அளவாக வைப்பது? வக்கீல் கட்டணத்துக்கே அது காணாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

அப்படிப்பட்டவருக்குப் பலரும் அறியாத ஒரு வழி இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 17(பி) பிரிவின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே உரிமையாளர். ஸ்டுடியோக்காரர் அதை அழகு நிலையத்துக்குக் கொடுத்திருந்தால் அது பதிப்புரிமை மீறல். தான் வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஸ்டுடியோ நீட்டும் ரசீதிலோ ஒப்பந்தத்திலோ படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற வரி இருந்தால் இந்த வழி அடைபடும். கையெழுத்துக்கு முன்னால் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

ஆனால் நாம் காசு கொடுத்து எடுக்கச் சொல்லாமல் பிறர் எடுத்த படத்துக்கு இது உதவாது. அங்கே பதிப்புரிமை எடுத்தவருக்கே போகும். 2025இல் மும்பை உயர் நீதிமன்றத்துக்கு வந்த முறையீடு இந்த வகைதான்: கிராமத்துப் பெண் ஒருவரின் படம் அவருக்குத் தெரியாமலே இணையப் பட விற்பனைத் தளத்தில் ஏறி, அரசு விளம்பரங்களிலும் வந்துவிட்டது. வணிகச் சுரண்டல் என்று முதல் பார்வையிலேயே அமர்வு சொன்னது. வழக்குத் தொடுத்தவர் பிரபலமானவர் அல்ல என்பதுதான் இதில் முக்கியம்.

செய்தி, விமர்சனம், கேலிச்சித்திரம் ஆகியவற்றுக்கு முகத்தைப் பயன்படுத்தும் சுதந்திரம் குறையக்கூடாது. பொருள் விற்க முகத்தைப் பயன்படுத்துவது வேறு. அதற்குச் சம்மதம் ஒன்றே கேள்வியாக இருக்க வேண்டும். புகழ் நஷ்டஈட்டுத் தொகையைக் கூட்டலாம், உரிமை உண்டா இல்லையா என்பதை அது தீர்மானிக்கக்கூடாது. சாதாரண மனிதருக்குக் குறைந்தபட்ச நஷ்டஈட்டை நாடாளுமன்றம் சட்டத்தில் எழுதிவைக்கும்வரை, இன்றைய ஆளுமை உரிமை ஏற்கெனவே விலை உள்ள முகங்களுக்கான உரிமையாகத்தான் இருக்கும்.