விறகுவெட்டி கதையில் மீண்டு வரும் தொடரும் இணைப்புச் சொல்லும்

கதை வாயிலாக மொழி கற்பித்தல் தமிழுக்குப் புதிதன்று. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை 1822-இல் இலண்டனில் அச்சானபோது, ஆங்கில மொழிபெயர்ப்பும், சொற்பட்டியும், முதற்கதையின் இலக்கணப் பகுப்பும் அதனுடன் சேர்க்கப்பெற்றன. தமிழ் கற்பார்க்கு உதவுதலே அவ்விணைப்புகளின் நோக்கம். அன்று முதல் பயில்வோர் நூல்களில் கதை இடம்பெற்று வருகின்றது. ஆயினும், அக்கதையின் தொடர்கள் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பது போதிய அளவு ஆராயப்பெறவில்லை. எளிய தொடர்கள் மீண்டும் மீண்டும் வருதல், கற்போனின் இயலாமைக்காகக் கதை செய்யும் விட்டுக்கொடுப்பு என்றே பலரும் கருதுவர். அஃது அவ்வாறன்று, நல்ல நீதிக்கதையில் நீதியைத் தாங்கி நிற்பதே மீண்டு வரும் தொடர்தான் என்பதை ஒரு கதை கொண்டு இங்கு நிறுவுவோம்.

எடுத்துக்கொண்ட கதை, யாவரும் அறிந்த விறகுவெட்டி கதை. இது கிரேக்க நாட்டு ஈசாப்புக் கதைகளுள் ஒன்று. பெரி என்பார் வகுத்த அட்டவணையில் 173-ஆம் எண் பெறுவது. கிரேக்கக் கதையில் ஹெர்மிஸ் என்னும் தெய்வம் தோன்றுகின்றது. தமிழ்ப் பாடநூல்களில் தேவதை தோன்றுகின்றது. ஆற்றில் கோடரியை இழந்தவனுக்குப் பொற்கோடரியும், வெள்ளிக் கோடரியும், அவனது இரும்புக் கோடரியும் முறையே காட்டப்படுகின்றன. முன்னிரண்டையும் மறுத்தவன் மூன்றையும் பெறுகின்றான். அதனைக் கேட்ட மற்றொருவன் வேண்டுமென்றே தன் கோடரியை ஆற்றில் எறிந்து, பொற்கோடரியைத் தனதென்று கூறி, தன் கோடரியையும் இழக்கின்றான்.

எளிய வினைமுற்றுகளையும் வேற்றுமை உருபுகளையும் கற்று, இனித் தொடரோடு தொடரை இணைக்கப் பழகும் மாணவனை இடைநிலை மாணவன் எனக் கொள்வோம். அவனுக்கெனக் கதையின் நடுப்பகுதியைப் பின்வருமாறு அமைக்கலாம்:

“தேவதை நீரில் மூழ்கி ஒரு பொற்கோடரியை எடுத்து வந்தது. ‘இது உன் கோடரியா?’ என்று கேட்டது. அக்கோடரி பளபளத்தது. ஆனால் அஃது அவனுடையது அன்று. ஆகையால், ‘இது என் கோடரி அன்று’ என்றான்.”

வெள்ளிக் கோடரிக்கும் இத்தொடர்களே வரும். மாறுவது ஒரு சொல்லே. மூன்றாம் முறை, “அக்கோடரி பளபளக்கவில்லை. ஆனால் அஃது அவனுடையது. ஆகையால், ‘இது என் கோடரி’ என்றான்” என வரும். முதலிரு முறையும் ஒரே வார்ப்பில் ஓடிய தொடர்கள், மூன்றாம் முறை அவ்வார்ப்பிலேயே எதிர்மறையும் உடன்பாடும் இடம்மாறி நிற்கின்றன. மாணவன் புதிதாகக் கற்க வேண்டுவது இம்மாற்றம் ஒன்றே. ஏனைய தொடர்கள் அவனுக்கு முன்னரே பழகியவை ஆதலின், அவன் கருத்து முழுவதும் அம்மாற்றத்தில் பதிகின்றது.

இணைப்புச் சொற்கள் இங்கு ஏன் வேண்டும்? தமிழின் இயல்பான இணைப்புக் கருவி வினையெச்சமே. ‘மூழ்கி எடுத்து வந்தது’ என்னும்போது மூழ்கியதும், எடுத்ததும், வந்ததும் தேவதையே. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலே முடிக்கும் வினைக்கும் வினைமுதலாக வரப்பெறும் என்பது இலக்கண நூலார் கண்ட விதி. இதனை உணராத மாணவன், ‘தேவதை கோடரியைக் காட்டி விறகுவெட்டி அன்று என்றான்’ என எழுதிவிடுவான். காட்டியது தேவதை, கூறியது விறகுவெட்டி ஆதலின் அது வழுவாகும். ‘தேவதை காட்ட, விறகுவெட்டி கூறினான்’ எனச் ‘செய’ என்னும் எச்சத்தால் அதனைத் திருத்தலாம். ஆயினும், காலமுறையை உணர்த்தும் அளவுக்கு அவன் கூறியதன் காரணத்தை அவ்வெச்சம் விளங்க உணர்த்துவதில்லை. தேவதையும் மனிதனும் மாறி மாறிப் பேசும் இக்கதையில் வினைமுதல் அடிக்கடி மாறுகின்றது. அவ்விடங்களில் தொடரை முடித்து, ‘ஆனால்’, ‘ஆகையால்’ என்பவற்றால் காரண உறவைக் காட்டுதலே இந்நிலை மாணவனுக்கு ஏற்புடையது. வினைமுதல் ஒன்றாக உள்ளவிடத்து எச்சமும், கருத்து திரும்புமிடத்து இணைப்புச் சொல்லும் என்னும் பாகுபாட்டைக் கதையே கற்பிக்கின்றது.

இனி இரண்டாமவன் பகுதியை நோக்குக:

“அக்கோடரி அவனுடையது அன்று. ஆனால் அது பளபளத்தது. ஆகையால், ‘இது என் கோடரி’ என்றான்.”

இங்குப் புதிய சொல் ஒன்றும் இல்லை. முன்னர் வந்த இரண்டு தொடர்கள் இடம்மாறி நிற்கின்றன, அவ்வளவே. ‘பளபளத்தது, ஆனால் அவனுடையது அன்று’ என எண்ணியவன் மறுத்தான், ‘அவனுடையது அன்று, ஆனால் பளபளத்தது’ என எண்ணியவன் விழைந்தான். இருவரும் அறிந்த உண்மைகள் ஒன்றே. எதனை முடிவுக்குக் காரணமாகக் கொண்டனர் என்பதிலேயே வேறுபாடு. ‘ஆனால்’ என்பதன் பின் வருவதே கருத்தில் வலியுடையது என்னும் மொழிநுட்பமும், பொய்யன் உண்மையை அறியாதவன் அல்லன், அறிந்தும் பின்தள்ளியவன் என்னும் நீதியும் ஒருங்கே புலனாகின்றன. இருவர் வாயிலும் ‘இது என் கோடரி’ என்னும் ஒரே தொடர் வருதலும் கருதத்தக்கது. ஒருவன் வாயில் அது மெய். மற்றவன் வாயில் பொய்.

இதனால், நடையழகு கருதித் தொடர்களை மாற்றி எழுதுவார் செய்யும் கேடு விளங்கும். முதல் விடையை ‘இஃது என்னுடையதன்று’ எனவும், இரண்டாவதை ‘நான் தேடுவது இதுவல்ல’ எனவும், மூன்றாவதை ‘ஆம், இதைத்தான் இழந்தேன்’ எனவும் எழுதின், ஒவ்வொன்றும் நல்ல தமிழே. ஆனால் மூன்றையும் ஒப்புநோக்கும் வாயில் அடைபட்டுப்போகின்றது. மாணவன் மூன்று புதிய தொடர்களோடு போராடுவான். மாறியது சொல்லா, மனமா என்பதை அவன் காணான். மற்றொரு பிழையும் உண்டு. ‘ஆகையால்’ என்பதைத் தொடர்தோறும் தூவுவது அது. ‘ஆகையால் தேவதை மூழ்கியது’ என்பதுபோல் நிகழ்ச்சி முறைக்கும் அச்சொல்லை ஆண்டால், காரணம் காட்டும் இடத்தில் அதற்கு வலி இராது. அங்கெல்லாம் ‘பிறகு’ என்பதே அமையும்.

இறுதியில் நிற்கும் நீதித்தொடரும் கதையின் தொடர்களிலிருந்தே பிறத்தல் வேண்டும். ‘வாய்மையே வெல்லும்’ என்பது உயர்ந்த மொழியாயினும், இக்கதை காட்டும் அளவினும் விரிந்தது. வேறு நூறு கதைகளின் கீழும் அதனை எழுதலாம். ‘தனது அல்லாததைத் தனது என்றவன் தனதையும் இழந்தான்’ என்பதோ இக்கதைக்கே உரியது. அதிலுள்ள சொற்கள் அனைத்தையும் மாணவன் கதைக்குள் கண்டுவிட்டான் எனலாம்.

மீண்டு வரும் தொடருக்கு ஓர் எல்லையும் உண்டு. பொருளுணராமலே அதனை மனப்பாடமாக ஒப்புவித்தல் கூடும். உணர்ந்தானா என அறிய, கோடரிகளைப் பன்மையாக்கிக் கேட்க வேண்டும். ‘இவை என் கோடரிகள் அல்ல’ என்பான் உணர்ந்தவன். இக்காலத்தில் ஒருமைக்கும் ‘அல்ல’ என்பது பெருக வழங்குதலால், ஒருமையில் அதனை ஆள்வானை இடைநிலையில் கடிய வேண்டுவதில்லை. ‘இவை என் கோடரிகள் அன்று’ என்பான் பழகிய ஒலியை ஒப்புவிக்கின்றான். பேச்சுவழக்கைப் பின்பற்றி ‘இல்லை’ என்பானுக்கு, இன்மையை உணர்த்தும் ‘என்னிடம் கோடரி இல்லை’ என்பதற்கும், அன்மையை உணர்த்தும் ‘இஃது என் கோடரி அன்று’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுதல் வேண்டும். கோடரியை இழந்து ஆற்றங்கரையில் நின்றவன் முன்னதையும் சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மையே. ஆயின், அவனை நேர்மையாளன் எனக் காட்டியது பின்னதே.