நெல் இலையில் மூன்று நோய், பயிற்சித்தாளில் மூன்று கட்டம்

நடுநிலைப் பள்ளி உயிரியல் பயிற்சித்தாளில் நுண்ணுயிரிகள் பாடத்துக்கென்று ஒரு வடிவம் நிலைத்துவிட்டது. தாளின் மேல்பாதியில் பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை என்று மூன்று கட்டங்கள். அளவு, செல், உட்கரு, பெருகும் விதம், நோய், மருந்து என்று இடப்பக்கம் கேள்விகள். கீழ்ப்பாதியில் 'நன்மை செய்பவை', 'தீமை செய்பவை' என்று இன்னோர் அட்டவணை. புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகள் 2023-24 கல்வியாண்டில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. பாடத்திட்டம் எதுவானாலும் தாளின் வடிவம் ஏறத்தாழ இதுதான். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வயலைத் தாண்டிப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு இது எவ்வளவு உதவுகிறது?

மேல்பாதி அட்டவணையின் பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். மூன்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்பதால் வித்தியாசம் தானாக வெளிவருகிறது. பாக்டீரியாவுக்குச் செல் உண்டு, உட்கரு இல்லை. பூஞ்சைக்கு இரண்டும் உண்டு. வைரசுக்குச் செல்லே இல்லை, இன்னோர் உயிரின் செல்லுக்குள் புகுந்தால்தான் பெருக முடியும். இந்த மூன்று வாக்கியங்களைப் பத்தியாக எழுதினால் பிள்ளை மனப்பாடம் செய்யும். அட்டவணையாகக் கேட்டால் ஒப்பிட்டுப் பார்க்கும்.

இதில் அதிகம் பயன்படுவது 'ஆன்டிபயாடிக் வேலை செய்யுமா?' என்ற வரிசை. மழைக்காலத்தில் ஒரே தெருவில் ஒருவருக்கு டெங்கு, இன்னொருவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். முதல் சில நாள் இரண்டும் வெறும் காய்ச்சலும் உடம்பு வலியும்தான். டெங்கு வைரசால் வருவது, அதை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. எலிக்காய்ச்சல், எலி சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து காலின் சிராய்ப்பு வழியாகவும் நுழையும் பாக்டீரியாவால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக்தான் மருந்து. பாக்டீரியாவின் செல்சுவரையோ அது புரதம் செய்யும் உறுப்பையோ தாக்குவதுதான் அந்த மருந்தின் வேலை. வைரசுக்கு அவை இரண்டும் சொந்தமாக இல்லை. 'செல் உண்டா?' என்ற வரிசைக்கும் 'ஆன்டிபயாடிக் வேலை செய்யுமா?' என்ற வரிசைக்கும் இருக்கும் இந்தத் தொடர்பைத் தாள் கேட்பதில்லை. 'ஆம்', 'இல்லை' என்று எழுதினாலே மதிப்பெண் கிடைத்துவிடுகிறது.

முதல் குறை எடுத்துக்காட்டுகளில் இருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய எட்டாம் வகுப்பு அறிவியல் நூலில் தாவர நோய்களுக்கு ஓர் அட்டவணை உண்டு: பாக்டீரியாவுக்கு எலுமிச்சைச் சொறிநோய், பூஞ்சைக்குக் கோதுமைத் துருநோய், வைரசுக்கு வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமல். பயிற்சித்தாள்களும் இவற்றையே எடுத்துக்கொள்கின்றன. வெண்டை சரி. ஆனால் பாகூர் பிள்ளை கோதுமை வயலை எங்கே போய்ப் பார்க்கும்? மூன்றும் மூன்று வேறு பயிர்கள் என்பதால் ஒப்பிடவும் வழியில்லை.

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்த பாகூரில் ஒரே பயிரிலேயே மூன்றுக்கும் எடுத்துக்காட்டு உண்டு. நெல்லில் குலைநோய் பூஞ்சையால் வருவது. இலைக்கருகல் பாக்டீரியாவால் வருவது. துங்ரோ வைரசால் வருவது. குலைநோயில் இரு முனையும் கூர்ந்த புள்ளி விழும், நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. பாக்டீரியா இலைக்கருகலில் நுனியிலிருந்து இலையின் விளிம்போரமாக அலையலையாக மஞ்சளித்துக் காயும். துங்ரோவில் குலைநோயைப் போன்ற கூர்முனைப் புள்ளி விழாது. இலை நுனியிலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சளாக மாறும், பயிர் குட்டையாக நின்றுவிடும்.

கண்ணால் பார்த்ததைச் சோதிக்கவும் எளிய வழி இருக்கிறது. கருகல் தொடங்கிய பச்சை இலையைக் குறுக்கே வெட்டி, வெட்டுவாய் தண்ணீருக்குள் இருக்கும்படி கண்ணாடித் தம்ளரில் நிறுத்தி, பின்னால் கறுப்புத் தாளை வைக்க வேண்டும். பாக்டீரியா என்றால் சில நிமிடங்களில் வெட்டிய இடத்திலிருந்து பால்போல் கலங்கல் இழை இறங்கும். அது கோடிக்கணக்கான பாக்டீரியாக்களின் திரள். குலைநோய்ப் புள்ளி உள்ள இலையை ஈரத்தாளில் வைத்து மூடி ஓர் இரவு விட்டால் புள்ளியின் மேல் சாம்பல் நிறத்தில் பூசணம் கிளம்பும். அதைப் பள்ளி நுண்ணோக்கியில் பார்த்தால் பேரிக்காய் வடிவ வித்துகள் தெரியும். துங்ரோ இலையில் கலங்கலும் வராது, பூசணமும் வராது. நுண்ணோக்கியிலும் ஒன்றும் அகப்படாது. அதற்குக் காரணமான இரண்டு வைரஸ்களில் உருண்டையானது சுமார் 30 நானோமீட்டர்தான். சாதாரண நுண்ணோக்கி 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்டாது. 'வைரஸ் மிகச் சிறியது' என்று தாளில் நிரப்பும் சொல்லுக்கு இங்கேதான் பொருள் கிடைக்கிறது.

செய்ய வேண்டியதும் மூன்றுக்கும் வேறு. பூஞ்சைக்கொல்லி குலைநோயை அடக்கும், துங்ரோவைத் தொடாது. துங்ரோவைப் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி, ஆகவே பூச்சியைத்தான் கவனிக்க வேண்டும். மூன்றையும் ஒன்றாக எண்ணிக் கையில் கிடைத்ததைத் தெளித்தால் பணமும் மருந்தும் வீண்.

இதற்கும் எல்லை உண்டு. இலை முழுதும் காய்ந்துவிட்டால் கலங்கல் வராமல் போகலாம். துத்தநாகச் சத்துக் குறைந்தாலும் பயிர் குட்டையாகி நிறம் மாறும், அதைத் துங்ரோ என்று எண்ணிவிடலாம். பாடம் நடக்கிற மாதத்தில் வயலில் நோய் இருக்க வேண்டும் என்பதுமில்லை. ஆசிரியர் முந்தைய பருவத்தில் இலைகளைத் தாளிடையே அழுத்திக் காயவைத்திருந்தால் அறிகுறியைக் காட்டலாம், சோதனையைக் காட்ட முடியாது.

இரண்டாவது குறை பெரியது. 'நன்மை செய்பவை, தீமை செய்பவை' என்ற பிரிவு, உயிரியின் செயலுக்கு வைக்க வேண்டிய அளவுகோலை உயிரிக்கே முத்திரையாகக் குத்திவிடுகிறது. இட்லி மாவைப் பொங்கவைப்பதில் முதன்மையான பங்கு லூகோநாஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்ற பாக்டீரியாவுடையது. அது வெளிவிடும் கரியமில வாயுதான் மாவை எழுப்புகிறது. தாளில் பல பிள்ளைகள் அங்கே 'ஈஸ்ட்' என்று எழுதுவார்கள், அதற்கும் மதிப்பெண் விழும். அதே பாக்டீரியா, வெட்டி நாள்பட்ட கரும்பில் புகுந்தால் சர்க்கரையைத் தின்று டெக்ஸ்ட்ரான் என்ற கோழையாக்கிவிடும். சாறு வழுவழுப்பாகி வடிகட்ட வராது, சர்க்கரை சரியாகப் படிகமாகாது. சமையற்கட்டில் நண்பனாக இருக்கும் அதுவே ஆலைக்காரருக்குப் பகை. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வைரசுக்கு இன்னும் அநியாயம். நன்மைப் பட்டியலில் அதற்கு இடமே இருப்பதில்லை. நிலக்கடலையைத் தின்னும் புரொடீனியா புழுவுக்கு விவசாயிகள் தெளிக்கும் என்.பி.வி. கரைசல் வைரஸ்தான். அது புழுவைத் தாக்கும், மனிதரைத் தாக்காது. நோய் கண்ட புழு செடியின் நுனிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கிச் சாகும். வெயிலில் வைரஸ் செயலிழந்துவிடும் என்பதால் சாயங்காலம் தெளிப்பார்கள். வேளாண் விரிவாக்கத் துறையினர் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் இந்தச் செய்தி பக்கத்துப் பள்ளியின் தாளுக்கு வந்து சேரவில்லை.

இப்படிப் பிரிப்பதற்குச் சாதகமாக ஒரு வாதம் உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முதலில் எளிய பிரிவு வேண்டும், சிக்கலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். ஆனால் முத்திரை குத்தாமலும் எளிமையாகக் கேட்கலாம்: 'எந்த உயிரி, எங்கே, யாருக்கு, என்ன செய்கிறது?' நான்கும் சின்னக் கேள்விகள்தான். விடை எழுதுகிற பிள்ளை லூகோநாஸ்டாக்கை இரண்டு வரிகளில் இரண்டு விதமாக எழுதும், முரண்பாடும் வராது.

ஆகவே மேல்பாதி அட்டவணை இருக்கட்டும். அதில் 'எப்படி அடையாளம் காண்பாய்?', 'ஏன் இந்த மருந்து வேலை செய்கிறது?' என்று இரண்டு வரிசை கூடட்டும். கோதுமைக்குப் பதில் நெல் வரட்டும். கீழ்ப்பாதியின் இரண்டு தலைப்புகளையும் எடுத்துவிட்டு அந்த நான்கு கேள்விகளை வைக்கலாம். திருத்துவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும், விடைக்குறிப்பும் ஒரு சொல்லில் அடங்காது. ஆசிரியருக்குச் சேரும் அந்தச் சுமையைத் தவிர இந்த மாற்றத்துக்கு வேறு செலவில்லை.