குவார்ட்டர் என்பது ஒன்றா, ஆறா?

"ஒரு தடவை உட்கார்ந்தா எவ்வளவு குடிப்பீங்க?" என்று மருத்துவர் கேட்கிறார். "ஒரே ஒரு குவார்ட்டர்தான் சார், அதுக்கு மேல போகமாட்டேன்" என்கிறார் எதிரே இருப்பவர். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மருத்துவர் கையிலிருக்கும் வினாத்தாள் பாட்டிலை எண்ணுவதில்லை. அதிலுள்ள ஆல்கஹாலை எண்ணுகிறது. அந்தக் கணக்கில் அவருடைய ஒன்று, ஆறு. உண்மை சொன்ன ஒருவரின் பதிலையே இவ்வளவு தூரம் பிறழவைக்கும் அளவுகோலின் தகுதி என்ன, அது எங்கே தவறுகிறது என்பதை நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருத்துவத் துறையினர் ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்று சொல்வதை இங்கே நியம அளவு என்கிறேன். எந்த மதுவானாலும் அதிலுள்ள தூய எத்தனாலின் எடை மட்டுமே கணக்கு என்பது அதன் அடிப்படை. உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' வினாத்தாள் 10 கிராம் எத்தனாலை ஒரு நியம அளவாகக் கொள்கிறது. எத்தனால் தண்ணீரைவிட லேசானது. ஒரு மில்லிலிட்டர் 0.789 கிராம்தான் இருக்கும். ஆகவே 10 கிராம் என்பது 12.7 மி.லி. எத்தனால். நம் ஊர் பிராந்தி, விஸ்கி, ரம் ஆகியவற்றின் வழக்கமான வீரியம் 42.8%. 30 மி.லி. கொண்ட ஒரு ஸ்மாலில் ஏறத்தாழ 10 கிராம் எத்தனால் இருக்கிறது. ஸ்மாலும் நியம அளவும் இங்கே தற்செயலாக ஒன்றாக அமைந்துவிட்டன. 180 மி.லி. குவார்ட்டரில் ஆறு ஸ்மால், எனவே 61 கிராம், ஆறு நியம அளவு.

இந்தக் கருத்தாக்கத்தின் முதன்மையான நிறை, அது ஒரு பழைய வழக்கைத் தீர்த்துவைப்பது. "நான் ஹாட் அடிக்கிறதில்ல, பீர் மட்டும்தான்" என்பது நெடுநாள் வாதம். 650 மி.லி. ஸ்ட்ராங் பீரின் லேபிளில் 8% என்றிருந்தால் அதில் 52 மி.லி. எத்தனால், அதாவது 41 கிராம். நான்கு நியம அளவு. இரண்டு பாட்டில் குடித்தவர் குவார்ட்டர் குடித்தவரைவிட 21 கிராம் கூடுதலாகக் குடித்திருக்கிறார். பெயர், நிறம், விலை, மதிப்பு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு உடலுக்குள் போகும் பொருளை மட்டும் பார்க்கும் இந்த ஒழுங்கு, அறிவியல் நோக்கில் குறைசொல்ல முடியாதது.

குறை வரையறையில் தொடங்குகிறது. கருத்து ஒன்று, எண் பல. பிரிட்டனில் ஒரு யூனிட் ஏறத்தாழ 8 கிராம், ஆஸ்திரேலியாவில் 10, அமெரிக்காவில் 14, ஜப்பானில் நெடுங்காலமாக வழங்கிவந்த அலகு 20. அதே குவார்ட்டர் பிரிட்டனில் 7.7, ஆஸ்திரேலியாவில் 6, அமெரிக்காவில் 4.3, ஜப்பானில் 3. இது பெயர்க் குழப்பத்தோடு நிற்பதில்லை. 2016இல் பிரிட்டனின் தலைமை மருத்துவ அதிகாரிகள் வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்று வரையறுத்தார்கள். அது 112 கிராம். அந்த எண்ணை இங்கே படிக்கும் ஒருவர் 14 ஸ்மால் என்று புரிந்துகொண்டால் 140 கிராம் குடிப்பார். வரம்பைக் காப்பதாக நம்பிக்கொண்டே அதைக் கால்பங்கு தாண்டியிருப்பார். எந்த நாட்டு அலகு என்று சொல்லாத எண், அலகே சொல்லாத எண்ணுக்குச் சமம்.

இரண்டாவது குறை, நியம அளவைக் கற்பிக்கும் முறையில் இருக்கிறது. ஒரு பீர், ஒரு கிளாஸ் ஒயின், ஒரு ஷாட் மூன்றும் சமம் என்ற படத்தைப் பலரும் பார்த்திருப்போம். படம் பொய்யல்ல. ஆனால் அது சில நிபந்தனைகளின் மேல் நிற்கிறது. அமெரிக்கப் படத்தில் பீர் என்பது 5% வீரியமுள்ள 355 மி.லி.; ஒயின் என்பது 12% வீரியமுள்ள ஏறத்தாழ 150 மி.லி.; ஷாட் என்பது 40% வீரியமுள்ள 44 மி.லி. பிரிட்டனின் 'அரை பைன்ட் ஒரு யூனிட்' என்ற வாய்பாடு 3.5% பீருக்குத்தான் பொருந்தும். 5% பீரில் அதே அரை பைன்ட் 1.4 யூனிட். வீரியம் ஏறிய பிறகும் வாய்பாடு பழையதாகவே மனத்தில் நிற்கிறது. நம் ஊரில் இப்படத்தைப் பார்ப்பவர் 'ஒரு பீர்' என்பதை 650 மி.லி. பாட்டிலாகவே படிப்பார். படம் ஒன்று என்கிறது. ஸ்ட்ராங் பீர் பாட்டிலில் இருப்பது, 10 கிராம் கணக்கில், நான்கு. எளிமை என்ற நிறையைப் பெறுவதற்காக இந்த முறை துல்லியம் என்ற உயிரைக் கொடுத்துவிட்டது.

கிளாஸ் இன்னும் மோசமான சாட்சி. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் ஒயின் கிளாஸ்களைக் காலவரிசைப்படி அளந்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். 1700களில் சராசரியாக 66 மி.லி. பிடித்த கிளாஸ், 2016-17 வாக்கில் 449 மி.லி. பிடித்தது. ஏறத்தாழ ஏழு மடங்கு. விளிம்புவரை யாரும் ஊற்றுவதில்லை என்பது சரிதான். ஆனால் பெரிய கிளாஸில் 'பாதிக்கும் கீழே' என்று ஊற்றுவதே பழைய கிளாஸ் மூன்றுக்குச் சமமாகிவிடும். நம் பார்களின் பிளாஸ்டிக் டம்ளரில் சிக்கல் வேறு. அங்கே சோடாவும் தண்ணீரும் அளவை மறைக்கின்றன. 60 மி.லி. பிராந்தியில் எவ்வளவு தண்ணீர் கலந்தாலும் அது இரண்டு நியம அளவே. நாக்குக்கு லேசாகலாம், கணக்குக்கு ஆகாது. டம்ளர் காலியாகும் முன்பே மறுபடி ஊற்றினால் அந்தக் கணக்கும் போய்விடும்.

இந்தப் பிழைகள் ஒன்றுசேரும்போது என்ன நேர்கிறது என்பதை ஆடிட் வினாத்தாளைக் கொண்டே சோதிக்கலாம். பத்துக் கேள்விகள் கொண்ட அதில் மொத்தம் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் அபாயமான குடிப்பழக்கம் என்று கொள்வார்கள். சனிக்கிழமைதோறும் ஒரு குவார்ட்டர் குடிப்பவரை எடுத்துக்கொள்வோம். குடியைக் குறைக்கச் சொல்லிச் சென்ற ஆண்டு மனைவி வற்புறுத்தியிருக்கிறார். மற்றபடி குறிப்பிடத்தக்க தொல்லை எதுவுமில்லை. எத்தனை முறை என்ற முதல் கேள்விக்கு 2 மதிப்பெண். ஒரு நாளில் எவ்வளவு என்ற இரண்டாம் கேள்விக்கு 'ஒன்று' என்று குறித்தால் 0. ஒரே அமர்வில் ஆறோ மேலோ எத்தனை முறை என்ற மூன்றாம் கேள்விக்கு 'இல்லை' என்றால் 0. மனைவியின் வற்புறுத்தலுக்கு 4. மொத்தம் 6, கவலையில்லை என்று வீட்டுக்குப் போகிறார். குவார்ட்டரை ஆறாக எண்ணினால் இரண்டாம் கேள்விக்கு 2, மூன்றாம் கேள்விக்கு வாரந்தோறும் என்பதால் 3. மொத்தம் 11. மனிதர் அவரே, குடித்ததும் அதே அளவு. அலகு மாறியதால் மட்டும் அவர் எல்லைக்கோட்டின் மறுபுறம் வந்துவிட்டார். உள்ளூர் அளவுகளுக்கேற்ப விடைகளைப் பொருத்திக்கொள்ளும்படி ஆடிட் கையேடு சொல்கிறது என்பதையும் இங்கே குறிப்பிடுவதே நேர்மை. குறை கருவியில் குறைவு, அதைக் கையாள்வதில் மிகுதி.

நேர்மையாக எண்ணும் முறை இதிலிருந்தே பிறக்கிறது. கிளாஸை விட்டுவிட்டு லேபிளுக்குப் போக வேண்டும். மி.லி.யை வீரியத்தால் பெருக்கி 100ஆல் வகுத்தால் எத்தனால் மி.லி. கிடைக்கும், அதை 0.789ஆல் பெருக்கினால் கிராம். பத்தால் வகுத்தால் நியம அளவு. நடுவிலுள்ள பெருக்கலைத் தவறவிடுவதுதான் பரவலான பிழை, 52 மி.லி.யை 52 கிராம் என்று கொள்பவர் நான்கை ஐந்தாக்கிவிடுவார். லேபிளில் '75 டிகிரி புரூஃப்' என்று கண்டால் அதைச் சதவீதம் என்று எண்ணக் கூடாது. பழைய பிரிட்டிஷ் முறையில் 100 புரூஃப் என்பது 57.1%, அதன் முக்கால்தான் 42.8%. '8%க்கு மிகாமல்' என்றிருந்தால் அது உச்சவரம்பு. 8 என்றே கணக்கிடுவது எண்ணுபவரின் பொறுப்பு.

கண்ணளவில் ஊற்றுபவருக்கு வீட்டுப் பாட்டிலே நம்பகமான கணக்கேடு. 750 மி.லி. ஃபுல் பாட்டிலில் 25 நியம அளவு இருக்கிறது. வெள்ளிக்கிழமை திறந்து, தனியாகக் குடித்து, அடுத்த வியாழன் இரவு தீர்ந்தால் ஏழு நாளில் 25. 'தினம் ரெண்டு ஸ்மால்' என்று நினைவு சொல்லுமானால் அது 14. இடையிலுள்ள 11, பொய்யால் வந்ததல்ல. தாராளமாக ஊற்றிய கையால் வந்தது. நினைவும் பாட்டிலும் முரண்பட்டால் பாட்டிலையே நம்ப வேண்டும்.

இந்த அளவுகோலால் ஆகாதவையும் உண்டு. லேபிள் இல்லாத மதுவை அது அளக்காது. கள் காலையில் ஒரு வீரியம், புளித்து மாலையில் வேறு வீரியம். ஒரே மூன்று நியம அளவு 50 கிலோ பெண்ணையும் 80 கிலோ ஆணையும் ஒரே அளவில் பாதிக்காது. இரத்தத்தில் ஆல்கஹால் எவ்வளவு என்பதை இந்த எண்ணிலிருந்து பெற முடியாது. வண்டி ஓட்டலாமா என்பதற்கு இதை விடையாக்குவது பிழையான பயன்பாடு. எண்ண முடிவதால் அது பாதுகாப்பானது என்றும் ஆகாது. உடல்நலத்துக்குப் பாதுகாப்பான குடியளவு என எதுவுமில்லை என்பதே 2023இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நிலைப்பாடு.

என் தீர்ப்பு இது. நியம அளவு ஒரு சிறந்த வகுஎண், மோசமான எண்ணுபொருள். முதலில் கிராமைக் கண்டு பிறகு பத்தால் வகுப்பவர் கையில் அது துல்லியமாக இருக்கிறது. பாட்டிலையோ டம்ளரையோ பார்த்து 'இது ஒன்று' என்று தொடங்குபவர் கையில் அது பிழையின் வாகனமாகிறது. ஆஸ்திரேலியா 1995 முதல் ஒவ்வொரு பாட்டிலின் லேபிளிலும் அதிலுள்ள நியம அளவின் எண்ணிக்கையை அச்சிடச் செய்து, கணக்குப் போடும் சுமையைக் குடிப்பவரிடமிருந்து தயாரிப்பாளருக்கு மாற்றியது. இந்த அளவுகோலை உருவாக்கியவர்களின் பணி அங்கேதான் முழுமை பெற்றது. குவார்ட்டரின் லேபிளில் 6 என்ற எண் இருந்திருந்தால், மருத்துவருக்கு எதிரே அமர்ந்தவரின் உண்மையான பதில் சரியான கட்டத்தில் போய் விழுந்திருக்கும்.