இழுவை என்றவர்கள் விளக்கைப் பார்க்கவில்லை

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் கிளப்புகளும் வாசகசாலைகளும் நடத்தும் குறும்படப் போட்டிகளில் பேய்ப் படத்துக்கு மார்க் போடும் விதம் ஊரறிந்தது. பார்க்கிற கூட்டத்தை எவன் அதிக தடவை துள்ள வைத்தானோ அவனுக்குக் கோப்பை. இந்தக் கணக்கில் கள்ளிக்காட்டுப் பக்கத்து இளைஞர் ஒருவர் தோற்றுக்கொண்டே இருக்கிறார். பெயர் வேண்டாம், போட்டிக்கு வருகிறவர்களுக்கு ஆள் தெரியும். "இழுவை" என்பதுதான் அவர்மேல் நிரந்தரக் குற்றச்சாட்டு.

அவருடைய கடைசிப் படம் ஆறு நிமிடம். அதன் முதல் 40 வினாடியில் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் நடுவர்கள் முகம் சுளித்தார்கள். அந்த 40 வினாடியில்தான் மொத்த ஆட்டமும் இருக்கிறது.

காட்சி இதுதான். விடியாத நேரம், வீட்டு ஜன்னல் வழியே ரப்பர் தோட்டம். பால் வெட்டுகிறவரின் ஹெட்லைட் ஒரு மரத்தடியில் நிற்கிறது, அவர் குனிவதால் கொஞ்சம் தாழ்கிறது, சில வினாடி கழித்து நிமிர்ந்து அடுத்த மரத்துக்குப் போகிறது. நிற்கும், தாழும், நிமிரும், நகரும். மூன்று மரம் வரை கேமரா அசையவில்லை, வெட்டும் இல்லை. மரங்களில் மழைக்குக் கட்டும் பிளாஸ்டிக் இல்லை என்பதும் அந்த வெளிச்சத்திலேயே தெரிந்துவிடுகிறது. பிறகு வீட்டுக்குள் பாட்டி முணுமுணுக்கிறார்: "மழ பெய்ஞ்சா நாளைக்கு வெட்டு இல்ல, அரிசிக்கு எங்க போறது?" வயிற்றுப்பாட்டுப் புலம்பலாகத்தான் அது காதில் விழும். ஆனால் அந்த ஒரு வரியில் படத்தின் விதி முழுதும் உட்கார்ந்திருக்கிறது.

மறுநாள் இரவு மழை. பாட்டி அடுப்பங்கரையில் முதுகைக் காட்டி நிற்கிறார். சட்டகத்தில் அவருக்குக் கிடைத்த இடம் இடது ஓரம் மட்டும். மீதியெல்லாம் அதே ஜன்னல், அதே இருட்டு. அதில் ஒரு விளக்கு வருகிறது. அரங்கின் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "லே, மழையில எவம்லே பால் வெட்டுவான்?" இதைவிடப் பெரிய மார்க் எந்த நடுவரும் போட முடியாது. அடுத்த கணம் இன்னொன்றும் புரிகிறது. இந்த விளக்கு எந்த மரத்தடியிலும் நிற்கவில்லை, தாழவும் இல்லை, நேராக வீட்டைப் பார்த்து வருகிறது.

கோப்பை வாங்கும் படங்களில் பேய் யாரென்பதோடு, அது எங்கே இருக்கிறது, எப்போது வரும், வருமா வராதா என எல்லாவற்றையும் மறைத்து வைக்கிறார்கள். எதுவும் தெரியாதவனுக்கு எதற்காகப் பயப்படுவது என்றே தெரியாது. கடைசியில் ஒரு முகமும் ஒரு அலறலும் சேர்ந்து துள்ள வைக்கும், அவ்வளவுதான். இந்த இளைஞர் ஏறக்குறைய எல்லாவற்றையும் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார். விளக்கைப் பிடித்திருப்பது யார் என்பதை மட்டும் கையில் வைத்துக்கொள்கிறார். பாட்டிக்குத் தெரியாதது நமக்குத் தெரியும், நமக்குத் தெரிய வேண்டியது யாருக்கும் தெரியாது. இந்த இரண்டு இடைவெளியில்தான் ஆறு நிமிடமும் ஓடுகிறது.

இது ஒன்றும் வெளிநாட்டுச் சரக்கல்ல. தென்திருவிதாங்கூர் வில்லுப்பாட்டில் நீலி கதை கேட்டவர்களுக்குப் பழகிய உத்திதான். நீலி கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வணிகனின் மனைவியென்று வருகிறாள். அவள் பேய் என்பது கேட்பவருக்கும் தெரியும், வணிகனுக்கும் தெரியும். ஊர்ப் பெரியவர்களுக்கு மட்டும் தெரியாது. அவர்கள் அவனுடைய மந்திரக் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஒரே அறைக்குள் அனுப்புகிறார்கள். கதவு சாத்தப்படும் அந்த இடத்தில், உள்ளே நடப்பதைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்று எந்தக் கூட்டமும் கேட்டதில்லை. பயம் கத்தி கைமாறிய கணத்திலேயே வந்துவிட்டது.

உலகம் முழுக்கப் பரவிய குறும்படம் ஒன்றிலும் இதுதான் கணக்கு. ஸ்வீடன்காரர் டேவிட் சாண்ட்பெர்க் 2013-இல் எடுத்த 'லைட்ஸ் அவுட்' மூன்று நிமிடம்கூட இல்லை, வசனமும் இல்லை. சுவிட்சை அணைத்தால் நடைவழிக் கோடியில் ஓர் உருவம், போட்டால் இல்லை. இரண்டு மூன்று முறை அணைத்துப் போட்டதில் விதி கைக்கு வந்துவிடுகிறது. அதன்பின் விளக்கு மினுக்கினாலே போதும். கடைசியில் முகத்தைக் காட்டுகிறாரே என்று கேட்கலாம். அதற்குப் பிறகு படமே இல்லை என்பதால் அது செல்லும். அதே முகத்தை முதல் நிமிடத்தில் காட்டியிருந்தால் மிச்சம் இரண்டு நிமிடமும் தண்டம்.

ஒலிக்கு வருவோம், இங்கேதான் நம் ஆள் மற்றவர்களைவிட ஒரு படி மேல். போட்டிப் படங்களில் பயத்துக்கென்று அடியில் ஓர் உறுமலைப் போடுகிறார்கள். ஹெட்போனில் அது அமர்க்களமாக இருக்கும். கிளப் ஹாலின் ஸ்பீக்கரில், மின்விசிறி இரைச்சலுக்கு நடுவில், அந்தத் தாழ்ந்த ஒலி வெளியே வராது. போனில் பார்ப்பவனுக்கோ அப்படியொன்று இருந்ததே தெரியாது. இவர் புதிதாக ஒலியைச் சேர்ப்பதில்லை, இருக்கும் ஒலியை எடுத்துவிடுகிறார். மழை விட்டதும் தவளைச் சத்தம் தொடங்குகிறது, அதை ஒரு நிமிடம் தாராளமாக ஓடவிடுகிறார். காது அதை மறந்துபோன பிறகு, விளக்கு முற்றத்தை எட்டும்போது தவளைகள் நிற்கின்றன. எவ்வளவு மட்டமான ஸ்பீக்கரிலும் இது கேட்கும். முழு நிசப்தமாகவும் விடுவதில்லை, ஓட்டிலிருந்து சொட்டும் நீர் மட்டும் மிஞ்சுகிறது. ஒலியை அடியோடு நிறுத்தியவர்களின் படத்தில் என்ன நடந்தது என்று பார்த்திருக்கிறோம்: கூட்டம் திரையை விட்டு ஆபரேட்டரைத் திரும்பிப் பார்த்தது.

குறை இல்லாமல் இல்லை. நான்காம் நிமிடத்தில் பாட்டியின் பயந்த முகத்துக்கு ஒரு குளோசப் போட்டார். அந்த மூன்று வினாடி ஜன்னல் சட்டகத்தை விட்டுப் போனது, விளக்கு எவ்வளவு நெருங்கியது என்ற கணக்கு நமக்குத் தவறிப்போனது. பாட்டி பயந்துவிட்டதால் நமக்கு மட்டும் தெரிந்த ரகசியமும் கரைந்தது. யாரோ "ரியாக்‌ஷன் வேண்டாமா" என்று நச்சரித்திருக்க வேண்டும். படத்தை ஒருமுறை ஒலியில்லாமலும், ஒருமுறை கண்ணை மூடி ஒலியை மட்டும் கேட்டும் ஓட்டிப் பார்த்திருந்தால் அந்த ஷாட் எடிட்டிங்கிலேயே போயிருக்கும். இரண்டு ஓட்டத்திலும் அது எதையும் புதிதாகச் சொல்லவில்லை.

இன்னொரு வரம்பும் உண்டு. ரப்பர் தோட்டமே பார்க்காத ஊரில் இந்தப் படம் பாதிதான் பலிக்கும். முதல் 40 வினாடியைக் குறைக்கச் சொல்பவர்களுக்கு இதுவே பதில், வெளியூருக்குப் போனால் அது 50 ஆக வேண்டியிருக்கும்.

அடுத்த சீசனில் என்ன நடக்கும்? ஹெட்லைட்டை நாலு பேராவது காப்பியடிப்பார்கள், அதில் இரண்டு பேர் டிரோனில் மேலிருந்து எடுத்து, விளக்கு வீட்டை நெருங்கும் தூரத்தையே காணாமல் அடிப்பார்கள். கோப்பை அவர்களில் ஒருவருக்குத்தான் போகும். நம் ஆள் குளோசப்பைத் தூக்கிவிட்டு, கேரள சலச்சித்திர அகாதமி 2008 முதல் திருவனந்தபுரத்தில் நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழாவுக்கு அனுப்புவார். முதல் தடவை தேர்வாகாது என்றே தோன்றுகிறது. அடுத்த கதையைப் பட்டப்பகலில், ஷீட் அடிக்கும் கொட்டகையில் எடுக்கப்போவதாகப் பேச்சு. உருளை சுற்றும் சத்தத்தை வைத்து அவர் என்ன விதி போடுவார் என்று இப்போதே ஊகிக்கலாம். நடுவர்கள் எழுதப்போவதை ஊகிக்கத் தேவையே இல்லை.