இன்சுலின் நெடுவரிசையில் 374 பூஜ்யங்கள்

சர்க்கரை நோயைக் கணிக்கும் மாடல்தான் இறுதியாண்டு புராஜெக்ட் என்றால், தரவு பெரும்பாலும் பிமா டேட்டாசெட்டாகத்தான் இருக்கும். அமெரிக்காவின் அரிசோனாவில், ஃபீனிக்ஸ் நகருக்கு அருகே வாழ்ந்த பிமா பழங்குடிப் பெண்கள் 768 பேரின் எட்டு அளவுகள் அதில் உள்ளன. அவர்களில் 268 பேருக்கு நோய் உண்டு. 1988-ல் இந்தத் தரவை வைத்துக் கட்டுரை எழுதியவர்கள் 576 பேரைக் கொண்டு மாடலைப் பயிற்றுவித்து, மீதி 192 பேரிடம் சோதித்தார்கள். நோயாளிகளைக் கண்டறிவதிலும் நோயற்றவர்களை விலக்குவதிலும் 76 சதவீதம் கிடைத்தது. இன்றைய மாணவர் ரிப்போர்ட்டுகளிலோ 90 என்ற எண்ணை அடிக்கடி பார்க்கலாம். இந்த ஏற்றத்தில் அல்காரிதத்தின் பங்கு எவ்வளவு, தரவைத் தயாரித்த விதத்தின் பங்கு எவ்வளவு என்பதைச் செய்முறை அத்தியாயம் சொல்ல வேண்டும். அது சொல்வதில்லை என்பதே என் குறை.

கல்லூரிகளில் கைமாறி வரும் ரிப்போர்ட் அச்சை முழுக்கப் பழிக்கவும் முடியாது. செய்ததை ஓர் அத்தியாயத்திலும் கிடைத்ததை இன்னொன்றிலும் எழுத வைக்கிறது. நான்கைந்து மாடல்களை ஒரே அட்டவணையில் நிறுத்தச் சொல்கிறது. கன்ஃப்யூஷன் மேட்ரிக்ஸைக் கேட்கிறது. ஆனால் செய்முறையின் பக்கங்களை நிரப்புவது ரேண்டம் ஃபாரஸ்ட் என்றால் என்ன என்ற பாடப்புத்தக விளக்கமும் படமும்தான். அது எந்த ரிப்போர்ட்டிலும் ஒன்றுதான். மாணவர் தம் கையால் செய்த வேலைக்கு மிஞ்சுவது ஒரே வரி: “தரவு சுத்தம் செய்யப்பட்டது.”

அந்த வரிக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போம்.

```
df.isnull().sum()
(df["Insulin"] == 0).sum()
```

முதல் கட்டளை எல்லா நெடுவரிசைக்கும் 0 என்று காட்டும். அதைப் பார்த்து “விடுபட்ட மதிப்புகள் இல்லை” என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டாவது 374 என்று காட்டும். அளக்காமல் விட்ட இடத்தில் பூஜ்யத்தைப் போட்டிருக்கிறார்கள். இன்சுலினில் அது ஏறத்தாழ பாதிப் பேர். இரத்த அழுத்தம் பூஜ்யமாக இருப்பவர்களும் 35 பேர் உண்டு. உயிரோடு இருக்கும் யாருக்கும் அது சாத்தியமில்லை.

இதைக் கண்டுகொண்டவர்களில் சிலர் செய்யும் திருத்தம் இன்னும் மோசம். அளந்த இன்சுலின் மதிப்புகளின் இடைநிலை, நோயற்றவர்களுக்கு 102.5, நோயாளிகளுக்கு 169.5. விடுபட்ட இடங்களை அவரவர் பிரிவின் எண்ணால் நிரப்பிவிட்டு, அதன் பிறகு தரவைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கிறார்கள். டேட்டாசெட்டில் அளந்த இன்சுலின் மதிப்புகள் எல்லாம் முழு எண்கள். ஆகவே 169.5 என்று கண்டால் நோயாளி, 102.5 என்றால் இல்லை என்பதை ரேண்டம் ஃபாரஸ்ட் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். வினாத்தாளின் பாதிக் கேள்விகளுக்குப் பக்கத்திலேயே விடையை அச்சிட்டுக் கொடுத்ததுபோல்தான் இது. துல்லியம் உயராமல் என்ன செய்யும்? நாளை இன்சுலின் பார்க்காத ஒரு பெண் மருத்துவமனைக்கு வந்தால் எந்த எண்ணால் நிரப்புவது? அவருக்கு நோய் உண்டா என்பது முன்பே தெரிந்திருந்தால்தான் நிரப்ப முடியும்!

சரியாகச் செய்தால் எழுதவும் அதிகம் தேவையில்லை: “இன்சுலினில் 374 பூஜ்யங்களை விடுபட்டவையாகக் கொண்டோம். முதலில் 614 பேரைப் பயிற்சிக்கும் 154 பேரைச் சோதனைக்கும் பிரித்தோம். பயிற்சிப் பகுதி முழுவதன் இடைநிலையால் இரண்டு பகுதிகளையும் நிரப்பினோம்.” வரிசைமுறையும் எண்ணிக்கையும் இப்படி இருந்தால், படிப்பவர் அதே வேலையைத் தாமும் செய்து பார்க்கலாம்.

முடிவுகள் அத்தியாயத்தின் பலவீனம் வேறு வகை. 77.92 எடுத்த மாடலைச் சிறந்தது என்றும் 77.27 எடுத்ததைப் பின்தங்கியது என்றும் தடித்த எழுத்தில் தீர்ப்பு வழங்குகிறார்கள். சோதனையில் இருப்பது 154 பேர். முதல் மாடல் சரியாகச் சொன்னது 120, இரண்டாவது 119. ஒரே ஒரு பெண்தான் வித்தியாசம்; வேறு விதமாகப் பிரித்தால் வரிசையே மாறலாம். இந்த அளவு சோதனைக்கு 77 சதவீதம் என்பதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 71 முதல் 84 வரை நீளும். அந்த 119-ஐப் பிரித்தும் பார்க்க வேண்டும். நோயற்ற 100 பேரில் 86 பேரையும் நோயுள்ள 54 பேரில் 33 பேரையும் சரியாகச் சொல்லியிருந்தால், நோயுள்ள 21 பேரை மாடல் கோட்டைவிட்டிருக்கிறது. இந்த 21 கன்ஃப்யூஷன் மேட்ரிக்ஸ் படத்தில் இருக்கும். அதைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இருக்காது. எல்லோருக்கும் “நோய் இல்லை” என்று சொன்னாலே 65 சதவீதம் கிடைத்துவிடும் என்பதும் அட்டவணையில் இடம்பெறுவதில்லை.

மாணவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ரிவியூவில் “அக்யூரசி இவ்வளவுதானா?” என்று கேட்பவர்கள் இருக்கும்வரை 90 வந்துகொண்டேதான் இருக்கும். வைவாவுக்கு உட்காரும் கைடுகள் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, பூஜ்யங்களை என்ன செய்தீர்கள், பிரிப்பதற்கு முன்பா பின்பா என்று கேட்கட்டும். அதற்குப் பதில் உள்ள 77-க்கு, பதில் இல்லாத 90-ஐவிட அதிக மதிப்பெண் போடட்டும்.